உறவின்போது வலி: வெஜைனிஸ்மஸில் வீட்டிலும் கிளினிக்கிலும் நடக்கும் தவறுகள்

குழந்தை இல்லை என்று வரும் தம்பதிகளில் சிலருடைய ஃபைல் நன்றாகத் தடித்திருக்கும். தைராய்டு, கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச், விந்தணுப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எல்லாம் உள்ளே இருக்கும். யோனி வழியாக எடுக்கும் உள் ஸ்கேன் மட்டும் இருக்காது. அந்த இடத்தில் 'பேஷண்ட் நாட் கோஆபரேட்டிவ்' என்று யாராவது கிறுக்கியிருப்பார்கள். ஒத்துழைக்காத பேஷண்ட் அல்ல அவர். அந்த ஃபைலிலேயே முக்கியமான தகவல் அந்த ஒரு வரிதான். அதைப் படித்துவிட்டு அடுத்த டெஸ்ட் எழுதுவதுதான் முதல் தவறு.

பல பேரைச் சேர்த்து ஒருவராகச் சொல்கிறேன். 28 வயது, கல்யாணமாகி மூன்று வருடம். மாமியாரும் கூட வந்திருக்கிறார். 'தாம்பத்தியம் நார்மலா?' என்று எல்லோர் முன்னாலும் கேட்டால் 'நார்மல்தான்' என்றுதான் பதில் வரும். மாமியாரை வெளியே உட்காரச் சொல்லி, முதலில் பெண்ணிடம் தனியாக, அப்புறம் கணவரிடம் தனியாகப் பேச வேண்டும். கேள்வியும் மழுப்பலாக இருக்கக் கூடாது. 'உள்ளே போகிறதா, பாதியில் நிற்கிறதா, வாசலிலேயே நின்றுவிடுகிறதா?' என்று கேட்டால் பத்து நிமிடத்தில் விஷயம் வந்துவிடும். இவர்களுக்கு ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. 'ஏதோ சுவர்ல முட்டுற மாதிரி இருக்கு டாக்டர்' என்கிறார் கணவர். தனக்குத் துவாரமே சின்னது என்று நம்பிக்கொண்டிருக்கிறார் மனைவி. வேறு இடத்தில் இவர்களுக்கு, விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயூஐ வரை பேசி முடித்திருந்தார்கள்.

அந்தச் சுவர் ஒரு தசை. யோனி வாயைச் சுற்றி, இடுப்புக்கு அடியில் விரிப்பு போல இருக்கும் தசைகளில் ஒரு பகுதி, ஏதாவது உள்ளே வரப்போகிறது என்றாலே தானாக இறுகிவிடுகிறது. இதற்குப் பெயர்தான் வெஜைனிஸ்மஸ். முகத்துக்கு நேரே கை வந்தால் கண் மூடிக்கொள்வதைப் போல, இதையும் அந்தப் பெண் வேண்டுமென்று செய்வதில்லை. இறுகிய தசைமீது அழுத்தினால் வலிக்கும். வலித்தால் அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக இறுகும். அதனால் 'கொஞ்சம் பொறுத்துக்கோ, பழகிடும்' என்பது இங்கே நேர்மாறாக வேலை செய்கிறது. ஒவ்வொரு வாரமும் பல்லைக் கடித்துக்கொண்டு முயன்ற பெண்ணுடைய தசைக்கு ஒவ்வொரு வாரமும் பயத்தைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

எல்லா வலியும் வெஜைனிஸ்மஸ் இல்லை

'எல்லாம் மனசுதான்' என்று அனுப்பிவிடுவதற்கு முன்னால், வலி எங்கே, எப்போதிலிருந்து என்று கேட்க வேண்டும். முன்பு நன்றாக இருந்து, பிரசவத்துக்குப் பிறகு வலி வந்திருந்தால் தையல் போட்ட தழும்பைப் பார்க்க வேண்டும். பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் வறட்சி வரும். மாதவிடாய் நின்றவர்களுக்கும் அதே கதைதான், அவர்களுக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பெரும்பாலும் உதவும். உள்ளே போன பிறகு அடிவயிற்றில் ஆழமாகக் குத்தினால், அதுவும் மாதவிடாய் வலி கடுமையாக இருக்கும் பெண்ணுக்கு என்றால், கருப்பையின் உள்வரி போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸை நினைக்க வேண்டும். வெளித்தோல் வெளுத்து, மெலிந்து, அரிப்போடு இருந்தால் அது தோல் நோயாக இருக்கலாம்.

அதிகமாகத் தவறவிடப்படுவது வாசலிலேயே எரியும் வலி. மிளகாய் பட்டதுபோல என்று பெண்களே சொல்வார்கள். பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஈரப்பஞ்சு சுற்றிய குச்சியால் யோனி வாயின் கீழ்ப்பாதியில், கடிகாரத்தில் 5 மணிக்கும் 7 மணிக்கும் உரிய இடங்களில் மெதுவாகத் தொட்டாலே துடித்துப்போவார்கள். அந்த இடத்து நரம்புகள் அளவுக்கு மீறிக் கூருணர்ச்சி கொண்டிருக்கின்றன. இதைப் பூஞ்சைத் தொற்று என்று நினைத்து, சாம்பிள்கூட எடுக்காமல், மெடிக்கல் கடையில் மாற்றி மாற்றி கிரீம் வாங்கிப் போட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். சோப்பு, வாசனை வாஷ் எல்லாவற்றையும் நிறுத்துவது முதல் வேலை.

இப்படி உடலில் ஆரம்பித்த வலி, நாளடைவில் தசை இறுக்கத்தையும் கூட்டிக்கொண்டு வரும். இரண்டையும் பிரிப்பது பல நேரம் கஷ்டம் என்பதால்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தன் கையேட்டில் வலியையும் வெஜைனிஸ்மஸையும் ஒரே தலைப்புக்குள் கொண்டுவந்தது.

மனம் சார்ந்த காரணங்களிலும் ஒரு அவசரத் தவறு உண்டு. 'சின்ன வயதில் ஏதாவது நடந்ததா' என்று தோண்டித் தோண்டிக் கேட்பது. சிலருக்கு நடந்திருக்கும், அவர்கள் சொல்ல இடம் கொடுக்க வேண்டும். பலருக்கு அப்படி எதுவும் இருக்காது. முதலிரவில் கிழியும், ரத்தம் கொட்டும் என்று தோழி சொன்ன கதை, தன் உடம்பை ஒருமுறைகூடக் கண்ணாடியில் பார்க்காமல் வளர்ந்தது, கர்ப்பமாகிவிடுவோமோ என்ற பயம், எப்போதோ வலிக்க வலிக்க நடந்த ஒரு உள்பரிசோதனை, இவையே போதும். காரணமே கிடைக்காவிட்டாலும் சிகிச்சை பலிக்கும். ஆனால் தனியாகப் பேசும்போது ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: உனக்கு உறவில் விருப்பம் இருக்கிறதா, வீட்டில் வற்புறுத்தல் இருக்கிறதா? விருப்பமே இல்லாத இடத்தில் தசையைத் தளர்த்தப் பயிற்சி கொடுப்பது வைத்தியம் ஆகாது.

பரிசோதனையே காயமாகும் இடம்

'காலை விரிம்மா, இதுக்கே இப்படின்னா எப்படி' என்ற வாக்கியத்தைக் கேட்காத வெஜைனிஸ்மஸ் பெண் இருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவியை முதல் நாளே எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் சொன்ன வரலாற்றிலிருந்தே முக்கால்வாசி தெரிந்துவிடும்.

நான் சொன்ன பெண்ணுக்கு முதல் நாள் பேச்சோடு முடிந்தது. இரண்டாம் முறை, நர்ஸ் பக்கத்தில் நிற்க, இடுப்பைப் போர்த்திக்கொண்டு படுத்தார். 'நிறுத்துங்கள் என்றால் அந்த நொடியே நிறுத்துவேன்' என்று சொல்லி, ஒருமுறை சொல்ல வைத்து, நிறுத்தியும் காட்ட வேண்டும். தொடையைத் தொட்டபோதே இடுப்பு மேலே தூக்கிக்கொண்டது, முழங்கால்கள் ஒட்டிக்கொண்டன. கண்ணாடியை அவர் கையில் கொடுத்து எது எது என்று காட்டினோம். துவாரம் இருக்கிறது, அளவும் சாதாரணமாகத்தான் இருக்கிறது என்பதைத் தன் கண்ணால் பார்த்தார். பஞ்சு சோதனையில் எரிச்சல் இல்லை. பிறகு அவர் சம்மதத்தோடு, அவர் மூச்சை வெளியே விடும்போது மட்டும், ஒரு விரல் நுனி. வாசலைத் தாண்டியதும் இறுகிய வளையம் தட்டுப்பட்டது. 'சிறுநீரை அடக்குவதுபோல இறுக்குங்கள், இப்போது விடுங்கள்' என்றதும் வளையம் கொஞ்சம் இளகியது. அது அவருக்கே தெரிந்தது. அதற்குமேல் அன்று போகவில்லை.

இதற்கு எதிர்த்திசையில் போவது மயக்க மருந்து கொடுத்துப் பார்ப்பது. மயக்கத்தில் தசை தளர்ந்துவிடும், இரண்டு விரல் சுலபமாகப் போகும். 'எல்லாம் நார்மல்' என்று எழுதி அனுப்புவார்கள், அல்லது கன்னிச்சவ்வைக் கொஞ்சம் கீறிவிட்டு 'இனி பிரச்சனை இல்லை' என்பார்கள். வெஜைனிஸ்மஸ் என்ற பெயரை 1860-களில் வைத்த அமெரிக்க மருத்துவர் மேரியன் சிம்ஸும் கத்தியைத்தான் நம்பினார். துவாரமே இல்லாத, அல்லது குறுக்கே தடுப்பு உள்ள அபூர்வமான கேஸ்களில்தான் கத்திக்கு வேலை. மற்றவர்களுக்கு இறுக்கம் அப்படியே இருக்கும், மேலே ஒரு தழும்பு சேரும். தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி வேறு விஷயம். பயிற்சி பலன் தராத சிலருக்கு உதவலாம், ஆனால் ஊசிக்குப் பின்னும் பயிற்சியைத் தொடர வேண்டும்.

வீட்டுப் பயிற்சியில்

சிகிச்சை தொடங்கும்போது முதல் உத்தரவு: உள்ளே நுழைக்கும் முயற்சி கொஞ்ச காலத்துக்குக் கிடையாது. தொடலாம், அணைக்கலாம், இன்பமும் பெறலாம். இந்தத் தடையைப் பலரும் சும்மா பேச்சுக்கு என்று எடுத்துக்கொண்டு, இரண்டு வாரம் நன்றாகப் போனதும் சனிக்கிழமை ஒரு முயற்சி செய்துவிடுவார்கள். திங்கட்கிழமை மறுபடியும் ஆரம்பத்தில் நிற்பார்கள்.

அடுத்த தவறு இணையத்தில் பார்த்துக் கெகல் பயிற்சி செய்வது. அது தளர்ந்த தசையை இறுக்குவதற்கு. இங்கே கற்க வேண்டியது விடுவதை. வயிறு உப்பும்படி மூச்சை இழுத்து, வெளியே விடும்போது அடிப்பகுதியை இளகவிட வேண்டும். இடுப்புத்தளம் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம்தான் சொந்த விரல், அல்லது சுண்டுவிரல் பருமனில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாகும், டைலேட்டர் என்ற வழவழப்பான உருளைகளின் செட். நீர் சார்ந்த ஜெல் தடவி, தலையணைமேல் சாய்ந்து, வாசலில் வைத்துக் காத்திருக்க வேண்டும். தசை இளகும்போது அது உள்ளே போகும். பத்துப் பதினைந்து நிமிடம், வாரத்தில் நான்கைந்து நாள் போதும். அசௌகரியம் பத்துக்கு மூன்றைத் தாண்டினால் தள்ளக் கூடாது, அங்கேயே நிறுத்தி மூச்சு விட வேண்டும். ஒரு சைஸ் 'போர் அடிக்கிறது' என்று ஆன பிறகுதான் அடுத்தது. நம் பெண் மூன்றாவது சைஸுக்குத் தாவி, வலித்து, ஒரு மாதம் டப்பாவைத் தொடவே இல்லை. இரண்டாவதற்குத் திரும்பி வந்தபின் சீராகப் போனது. கடைசியில் அவர் மேலே இருந்து, அவர் வேகத்தில், உள்ளே போன பிறகு அசையாமல் இருப்பதுதான் முதல் உறவு. நான்கு மாதம் கழித்து நடந்தது. சிலருக்கு இன்னும் சீக்கிரம், சிலருக்கு ஒரு வருடம். மரத்துப்போகும் ஜெல்லைத் தடவி, இதையெல்லாம் தாண்டிக் குதிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. வாசலில் எரியும் வலிக்கு மருத்துவர் சொல்லிப் போடுவது வேறு. வெறும் இறுக்கத்துக்கு அது பயத்தைக் குறைக்காது, கணவருக்கும் மரத்துப்போகும்.

கணவரை மறந்துவிடுவதும் ஒரு தவறு. நாள்பட முயன்று தோற்றவர்களில் பலருக்கு விறைப்பு பாதியில் போய்விடும். அதற்கு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால், மனைவி தயாராகாத நிலையில் முயற்சியின் வேகம்தான் கூடும். நாள் எண்ணிக்கொண்டு 'இன்னைக்குப் பண்ணியா?' என்று தினமும் கேட்கும் கணவரும் பயிற்சியைக் கெடுத்துவிடுவார்.

குழந்தைக்கு வயது நெருக்குகிறது என்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். உள்ளே போகாவிட்டாலும், வாசலில் விழும் விந்திலிருந்து கருத்தரித்தவர்கள் இருக்கிறார்கள். சுத்தமான கப்பில் சேகரித்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் பெண்ணே உள்ளே செலுத்திக்கொள்ளும் முறையை மருத்துவர் சொல்லித்தருவார். அதற்குப் பெரிய செலவு கிடையாது. ஆனால் பிரசவமானால் தானாகச் சரியாகிவிடும் என்று பயிற்சியை விட்டுவிடக் கூடாது, தையல் தழும்போடு திரும்பி வருபவர்களும் உண்டு. கர்ப்பமானதும் பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும்: உள்பரிசோதனை தேவைக்கு மட்டும், முடிந்தவரை ஒரே ஆள், கேட்டுவிட்டு. வலி குறைக்கும் எபிடூரல் பற்றியும் அப்போதே பேசி வைக்கலாம். சுகப்பிரசவத்துக்கு வெஜைனிஸ்மஸ் தடையில்லை, அதை மட்டும் காரணம் காட்டி சிசேரியன் என்றால் இன்னொரு மருத்துவரைக் கேளுங்கள்.