“எல்லாம் செய்யுங்க” என்பது முடிவல்ல: ஐ.சி.யூ. குடும்பச் சந்திப்பைச் சுருக்கி எழுதும்போது நேரும் தவறுகள்

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலைசெய்து ஓய்வுபெற்ற 64 வயதுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். கடும் நிமோனியா. வென்டிலேட்டரில் ஒன்பதாம் நாள், 70 சதவீத ஒக்சிசன், சிறுநீரகம் நின்றுபோனதால் டயலிசிஸ், இரத்த அழுத்தத்தை உயர்த்திப் பிடிக்க மருந்து. மனைவி, மூத்த மகன், மருமகன் நேரில் இருக்கிறார்கள். கொழும்பில் வேலைசெய்யும் இளைய மகன் தொலைபேசியில். விசேட வைத்திய நிபுணர் சிங்களத்தில் பேச, தாதி தமிழில் சொல்கிறார். சந்திப்பு 70 நிமிடம்.

இதை நோயாளியின் சிகிச்சைக் குறிப்பேடான டிக்கெட்டில், பேசிய வரிசையிலேயே எழுதுவதுதான் முதல் தவறு. இரவு இரண்டு மணிக்கு நோயாளி மோசமானதும் டிக்கெட்டைத் திறக்கும் டொக்டருக்கு மூன்று விடயம்தான் வேண்டும்: பிழைப்பார் என்று நினைக்கிறோமா, என்னென்ன வழிகள் சொல்லப்பட்டன, எது முடிவானது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் முடிவு ஒளிந்திருந்தால், அவர் அதைத் தேடுவதற்குள் யாராவது நெஞ்சை அழுத்தத் தொடங்கியிருப்பார்கள்.

அடுத்தது, முன்கணிப்பை மென்மையாக்குவது. “நிலைமை கவலைக்கிடம்” என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. நிபுணர் சொன்னது, இப்படி இருக்கும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் பிழைப்பதில்லை, பிழைத்தாலும் பல மாதம் எழும்பி நடக்க முடியாமல் போகலாம் என்று. அதையே எழுத வேண்டும். அந்த எண் ஒரு மதிப்பீடுதான் என்பதையும் சேர்த்து.

மொழி மாறும் இடத்தில்தான் அதிகம் தவறிப்போகிறது. “பேரென எக அமாருயி”, அதாவது பிழைப்பது கஷ்டம் என்று நிபுணர் சிங்களத்தில் சொல்ல, “கொஞ்சம் கஷ்டம்” என்று தமிழில் வந்துவிடுகிறது. அந்தக் “கொஞ்சம்” யாரும் சொல்லாதது; இரக்கத்தில் ஒட்டிக்கொண்டது. ஆகவே சொன்னதை மட்டும் எழுதினால் போதாது, கேட்டவர் என்ன விளங்கிக்கொண்டார் என்பதும் வேண்டும். “டொக்டர் என்ன சொன்னாங்கன்னு நீங்க சொல்லுங்கம்மா” என்று மனைவியிடம் கேட்டால், “மெசின கழட்டினா சரியாகிடுவாரு தானே” என்று வரலாம். அப்படி வந்தால் முன்கணிப்பு இன்னும் போய்ச் சேரவில்லை. அந்த வரியை அவர் சொன்னபடியே பதிந்து, மறுபடி விளக்கியதையும் எழுத வேண்டும்.

மூன்றாவது தவறுதான் பெரிய வம்பு: பேசப்பட்டதையும் முடிவானதையும் ஒரே பத்தியில் கலப்பது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கும் டிரக்கியோஸ்டமி பற்றி இருபது நிமிடம் பேசினார்கள். மூத்த மகன் கேட்டது “அது செஞ்சா நல்லதா?” என்று. குறிப்பில் வந்தது “டிரக்கியோஸ்டமிக்குக் குடும்பம் சம்மதம்”. மறுநாள் சம்மதப் படிவத்தை நீட்டினால் மனைவி திகைத்துப்போவார். கேள்வியைச் சம்மதமாக எழுதக் கூடாது.

“எல்லாம் செய்யுங்க” என்பதும் அப்படியே. பயத்தில் வரும் சொல் அது. சில வேளை “எங்களைக் கைவிட்டுறாதீங்க” என்றுதான் அதற்குப் பொருள். அதைச் சிகிச்சைக் கட்டளையாகப் பதியாமல், நோயாளியால் பேச முடிந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்று குடும்பத்திடம் விசாரிக்க வேண்டும். இங்கே மருமகன், “மாமா வலி படக்கூடாதுன்னு எப்பவும் சொல்லுவாரு” என்றார். அந்த ஒரு வரி குறிப்பில் கட்டாயம் இருக்க வேண்டும்.

டிக்கெட்டில் ஆங்கிலத்தில் எழுதினாலும், குடும்பத்துக்குத் தமிழில் பிரதி கொடுத்தாலும், முடிவுப் பகுதி இப்படி இருக்கலாம்:

“இதயம் நின்றால் நெஞ்சு அழுத்தும் சிகிச்சை செய்வதில்லை: நிபுணரின் பரிந்துரை, மனைவியும் மூத்த மகனும் மருமகனும் ஏற்றனர். வென்டிலேட்டர், டயலிசிஸ், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்து, அன்டிபயோட்டிக், வலிநிவாரணி தொடரும். ஐந்து நாள் முயற்சி: 14ஆம் நாள் ஒக்சிசன் 50 சதவீதத்துக்குக் கீழே வந்து, இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்தின் அளவும் பாதியாகக் குறைந்திருந்தால் முன்னேற்றம். இல்லையென்றால், அல்லது அதற்குமுன் மோசமானால், வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் சிகிச்சைக்கு மாறுவது பற்றி மறு சந்திப்பு. டிரக்கியோஸ்டமி: பேசப்பட்டது, முடிவில்லை.”

“தொடரும்” என்ற வரியை விட்டுவிடாதீர்கள். நெஞ்சு அழுத்துவதில்லை என்று மட்டும் இருந்தால், அடுத்த ஷிப்டில் ஒருவர் அதைச் சிகிச்சையே வேண்டாம் என்று வாசித்து டயலிசிஸைத் தள்ளிப்போடலாம். “சில நாள் பார்ப்போம்” என்று எழுதுவதும் பயனில்லை. நாளும் அளவும் இல்லாத முயற்சி முடிவதே இல்லை.

“குடும்பம் ஒத்துக்கொண்டது” என்ற சொற்றொடரை விட்டுவிடலாம். சிக்னல் விட்டுவிட்டு வரும் மலைப்பகுதியில், நாற்பதாம் நிமிடம் இளைய மகனின் அழைப்பு அறுந்துபோனது. அதற்குப்பின் நடந்ததுதான் முடிவு. “முடிவு வேளையில் இளைய மகன் இணைப்பில் இல்லை, இன்று மாலை 6 மணிக்கு முன் வோர்ட் டொக்டர் அழைத்துச் சொல்வார்” என்று பெயர்களோடு எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த நாள் பஸ்ஸில் வந்திறங்கி, “யாரைக் கேட்டு முடிவு எடுத்தீங்க?” என்று அவர் கேட்கும்போது பதில் சொல்ல டிக்கெட்டில் எதுவும் இருக்காது.