ஒரு குளிர்பானத்தின் வாழ்க்கைச் சுழற்சி: கட்டத்தைக் கண்டுபிடித்து விளம்பரத்தை மாற்றுவது எப்படி?

அறிமுகம், வளர்ச்சி, முதிர்ச்சி, சரிவு என்று ஒரு பொருளின் வாழ்க்கையை நான்கு கட்டங்களாகப் பிரிப்பார்கள். பெயர்களை மனப்பாடம் செய்வது எளிது. கையில் இருக்கும் பொருள் இப்போது எதில் நிற்கிறது என்று சொல்வதுதான் கடினம். கோகோ கோலாவையும் அதே நிறுவனத்தின் டேப் என்ற பானத்தையும் வைத்து அதைப் பார்ப்போம்.

படி 1: கோடு வரையுங்கள்

ஒரு தாளில் ஆண்டுவாரியாக விற்பனைக்கு ஒரு கோடு, லாபத்துக்கு ஒரு கோடு வரையுங்கள். குளிர்பானத்தில் ஒரு சிக்கல் உண்டு: கோடையில் விற்பனை ஏறும், குளிரில் இறங்கும். அதனால் இந்த மாதத்தைப் போன மாதத்தோடு ஒப்பிடாதீர்கள், போன வருடத்தின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். கூடவே மற்ற நிறுவனங்களின் பானங்களையும் சேர்த்து மொத்தச் சந்தை எப்படிப் போகிறது என்றும் பாருங்கள்.

படி 2: விற்பனை குறைவு, லாபம் இல்லை என்றால் அறிமுகக் கட்டம்

1886இல் அட்லாண்டாவில் ஜான் பெம்பர்டன் கோகோ கோலாவை விற்கத் தொடங்கியபோது, முதல் வருடம் நாளுக்குச் சராசரியாக ஒன்பது குவளைதான் போனது. ஒரு குவளை 5 சென்ட். அப்போது யாரும் அதை வேறொரு கோலாவோடு ஒப்பிடவில்லை. 'இது என்ன?' என்பதுதான் அவர்கள் கேள்வி. அதற்குப் பதில் வாயில் ஊற்றிக் காட்டுவதுதான். அதனால்தான் பிறகு நிறுவனத்தை வாங்கிய ஏசா கேண்ட்லர் ஒரு குவளை இலவசம் என்று கூப்பன்களை அள்ளிக் கொடுத்தார். இந்தக் கட்டத்தில் பணம் சுவைத்துப் பார்க்க வைப்பதற்கே போக வேண்டும்.

படி 3: விற்பனை வேகமாக ஏறுகிறது, போட்டியாளர்கள் வருகிறார்கள் என்றால் வளர்ச்சி

இங்கே முதல் வேலை, கேட்பவருக்குக் கிடைக்கச் செய்வது. 1899இல் அமெரிக்காவின் பெரும்பகுதியில் கோகோ கோலாவைப் பாட்டிலில் அடைத்து விற்கும் உரிமையை கேண்ட்லர் இரண்டு வழக்கறிஞர்களுக்கு 1 டாலருக்குக் கொடுத்தார். கடையில் நின்று குடித்த பானம் வீட்டுக்குப் போகத் தொடங்கியது. அப்புறம் அதைப் பார்த்து அதேபோல் பானம் செய்தவர்கள் குவிந்தார்கள். அவர்களுக்குப் பதிலடியாக 1915இல் உருவானதுதான் அந்த வளைந்த பாட்டில். இருட்டில் தொட்டாலும், உடைந்து தரையில் கிடந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்பதே பாட்டில் செய்பவர்களிடம் வைத்த நிபந்தனை. மக்களின் கேள்வி இப்போது 'ஏன் இதையே வாங்க வேண்டும்?' என்று மாறிவிட்டது.

படி 4: கோடு தட்டையாகிவிட்டால் முதிர்ச்சி

அதிகத் தவறு நடப்பது இங்கேதான். சந்தை முழுக்க நிரம்பிவிட்டதால், ஒருவருக்குக் கூடும் விற்பனை பெரும்பாலும் இன்னொருவரிடமிருந்து வந்ததாக இருக்கும். 1980களில் பெப்சி கோகோ கோலாவின் பங்கைக் கடித்துக்கொண்டிருந்தது. கோகோ கோலா ஏறத்தாழ 2 லட்சம் சுவைச் சோதனைகள் நடத்தி, இன்னும் இனிப்பான புதிய கலவையை 1985 ஏப்ரல் 23 அன்று இறக்கியது, பழையதை நிறுத்தியது. மக்கள் கொந்தளித்தார்கள். ஜூலையில் பழையது திரும்பி வந்தது.

ஒரு மடக்கில் இனிப்பானது ஜெயிக்கும், முழு பாட்டில் குடிக்கும்போது அப்படி இருக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், முதிர்ந்த பொருளை வாங்குபவர் பழக்கத்துக்காக வாங்குகிறார். அந்தப் பழக்கத்தில் கைவைக்காமல் பக்கத்தில் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதே பாதுகாப்பான வழி. இதே நிறுவனம் 1982இல் டயட் கோக்கை அப்படித்தான் கொண்டுவந்தது. புதிய அளவு, புதிய சுவை, தள்ளுபடி, பழைய உறவை நினைவூட்டும் விளம்பரம் எல்லாம் இந்தக் கட்டத்துக்கு உரியவை.

படி 5: இறக்கம் தொடர்ந்தால் சரிவா என்று சரிபாருங்கள்

ஒரு வருட இறக்கத்தை மட்டும் வைத்துச் சரிவு என்று முடிவு கட்டாதீர்கள். காரணத்தைத் தேடுங்கள். டேப் 1963இல் வந்த சர்க்கரையில்லாத பானம். 1969இல் சைக்லமேட் என்ற இனிப்பூட்டிக்கு அமெரிக்க அரசு தடை அறிவித்தது, கலவையை மாற்ற வேண்டியதாயிற்று. அது வெளியிலிருந்து வந்த அடி, டேப் அதற்குப் பிறகும் நன்றாகவே விற்றது. ஆனால் டயட் கோக் வந்ததும் அதே தேவையை, கோக் என்ற பெயரோடு, இன்னொன்று பூர்த்தி செய்தது. அந்த வாங்குபவர்கள் திரும்பி வரப்போவதில்லை. உண்மையான சரிவு இதுதான்.

சரி, உடனே நிறுத்திவிட வேண்டுமா? வேண்டாம். விளம்பரத்தைக் குறைத்து, விசுவாசமாக வாங்குபவர்கள் இருக்கும் இடங்களில் மட்டும் விற்றால் லாபம் வரலாம். டேப் இப்படிச் சிறிய அளவில் இன்னும் பல ஆண்டுகள் ஓடி, 2020இல்தான் நிறுத்தப்பட்டது. பாட்டில் அடைக்கும் ஆலை நேரமும் கடை அலமாரி இடமும் வேறொரு பானத்துக்குக் கொடுத்தால் அதிகம் சம்பாதிக்கும் என்று கணக்கு காட்டும் நாள்தான் நிறுத்தும் நாள்.