ஓரேருழவனார் உழவரா? சங்கப் புலவர் பெயர்களில் நாம் செய்யும் தவறுகள்

குறுந்தொகையைப் புரட்டினால் மீனெறி தூண்டிலார், விட்டகுதிரையார், குப்பைக்கோழியார், அணிலாடு முன்றிலார் என்று பெயர்கள் வரும். சொந்தப் பெயர் தெரியாமல் போன இந்தப் புலவர்களுக்கு, அவர்கள் பாட்டில் மின்னிய ஒரு தொடரே பெயராக நின்றுவிட்டது. இது பலருக்கும் தெரியும். ஆனால் தெரிந்தவர்களே அந்தப் பெயரிலிருந்து வாழ்க்கை வரலாறு எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். அதுதான் முதல் தவறு.

மீனெறி தூண்டிலாரை மீனவர் என்றும் நெய்தல் பாடியவர் என்றும் சொல்லிவிடுவது எளிது. அவர் பாட்டைப் பாருங்கள் (குறுந்தொகை 54):

கான யானை கைவிடு பசுங்கழை
மீனெறி தூண்டிலின் நிவக்கும்

தினைக்காவலர் கவண் வீசுகிறார்கள். அந்தச் சத்தத்துக்கு அஞ்சிய யானை, தின்பதற்காக வளைத்துப் பிடித்திருந்த மூங்கிலை விட்டுவிடுகிறது. மீனைப் பற்றி இழுத்த தூண்டில்போல மூங்கில் மேலே எழுகிறது. இடம் மலை, திணை குறிஞ்சி. கடலும் இல்லை, மீனவரும் இல்லை. தூண்டில் உவமைக்காக வந்தது. அதே வளைந்த மூங்கில் நிமிர்வதை இன்னொருவர் ‘விட்ட குதிரை விசைப்பின் அன்ன’ என்று, அவிழ்த்துவிட்ட குதிரையின் துள்ளலாகப் பார்த்தார் (குறுந்தொகை 74). அவர் விட்டகுதிரையார் ஆனார். அவரைக் குதிரைக்காரர் ஆக்கினால் இவரை மீனவர் ஆக்கிய அதே பிழைதான்.

பாட்டில் பேசும் ஆளையும் புலவரையும் ஒன்றாக்குவதும் இதே வகைதான். புறநானூறு 243இல் ஒரு கிழவர், மடுவில் குதித்து ஆழத்து மணலை அள்ளிக் காட்டிய இளமையை நினைத்து ஏங்குகிறார். இப்போது ‘தொடித்தலை விழுத்தண்டு ஊன்றி’, அதாவது பூண் போட்ட தடியை ஊன்றி, இருமலுக்கு இடையே சில சொல் பேசும் நிலை. பாடியவர் பெயர் தொடித்தலை விழுத்தண்டினார். புலவரும் தள்ளாத வயதில்தான் இதைப் பாடினார் என்பதற்குப் பெயர் சாட்சி ஆகாது. பெயரே அந்த வரியிலிருந்துதானே வந்தது!

அடுத்தது, பெயருக்கு உரிய தொடரைத் தவறான பாட்டில் தேடுவது. ஓரேருழவனார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவருடைய பாட்டாகப் புறநானூறு 193 இருக்கிறது. உரித்த தோலை விரித்தாற்போன்ற வெண்களரில் ஒருவன் துரத்தும் மான் ஓடித் தப்பலாம், ஆனால் சுற்றத்தோடு வாழும் வாழ்க்கை காலைக் கட்டுகிறது என்கிற பாட்டு. இதில் ஏரும் இல்லை, உழவனும் இல்லை. இதை மட்டும் படித்தவர், பெயர் அவருடைய தொழிலைக் குறிப்பது என்று முடிவுகட்டிவிடக்கூடும். விடை குறுந்தொகை 131இல் இருக்கிறது:

ஈரம் பட்ட செவ்விப் பைம்புனத்து
ஓரேர் உழவன் போலப்
பெருவிதுப் புற்றன்றால் நோகோ யானே

வினைமுற்றிய தலைவன் சொல்கிறான். காதலியின் ஊரோ நெடுந்தொலைவு. மழை பெய்து நிலம் பதமாக இருக்கிறது. ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். இருப்பதோ ஒரே ஏர். அந்த உழவனின் பதைப்புத்தான் என் நெஞ்சுக்கும் என்கிறான். ‘ஓரேர்’ என்ற ஒரு சொல்லில்தான் அவசரம் முழுவதும் இருக்கிறது. நாலைந்து ஏர் இருந்தால் பதைப்பு ஏது? இந்தத் தொடரால் நிலைத்த பெயர், அவருடைய புறப்பாட்டின் கீழும் அப்படியே எழுதப்பட்டது. ஆகவே ஒரு பாட்டில் தொடர் கிடைக்கவில்லை என்றால், அதே பெயரில் வேறு பாட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், விநோதமாக ஒலிக்கும் பெயரையெல்லாம் இந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். பிசிராந்தையார் பெயரில் பிசிர் என்பது ஊர், ஆந்தை என்பது ஆள் பெயர். அது பாட்டுத் தொடர் இல்லை. காக்கைபாடினியார் நச்செள்ளையாரிடம் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘விருந்துவரக் கரைந்த காக்கையது பலியே’ என்று குறுந்தொகை 210இல் காக்கையைப் பாடியதால் வந்தது அந்த அடைமொழி. ‘காக்கைபாடினி’ என்ற தொடர் பாட்டில் கிடையாது. நச்செள்ளை என்ற சொந்தப் பெயரும் கூடவே நிற்கிறது. ‘பாடினி’ என்பதால் பெண் என்றும் தெரிகிறது. மற்றத் தொடர்ப்பெயர்கள் பலவற்றில் அந்த வசதி இல்லை. ‘ஆர்’ வெறும் மதிப்பு விகுதி, ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். செம்புலப்பெயனீராரை ‘அவன்’ என்றோ ‘அவள்’ என்றோ எழுத ஆதாரம் இல்லை, ‘அவர்’ என்றே எழுதலாம். யாப்பிலக்கணம் செய்த காக்கைபாடினியார் ஒருவரும் உண்டு. பெயர் ஒன்று என்பதற்காக அவரையும் நச்செள்ளையாரையும் ஒருவராக்கிவிடக் கூடாது.