புதுச்சேரியில் வாடகை வீடும் வைப்புத்தொகையும் உள்ளவர்கள் ஆடிட்டரிடம் கேட்க வேண்டியவை

பிரான்சிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ விடுமுறைக்குப் புதுச்சேரி வரும் நம்மவர்களில் பலர், வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய ஏப்ரல் மாதத்திலேயே ஆடிட்டரைப் பார்த்துவிடுகிறார்கள். நிதியாண்டு மார்ச் 31 அன்று முடிந்துவிடுவதால் அது சரியான நேரம் போலத் தோன்றினாலும், தேவையான ஆவணங்களில் முக்கியமானவை அப்போது உருவாகியே இருக்காது. வங்கியும் வாடகைதாரரும் ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்தம் செய்த வரியின் விவரத்தைத் துறைக்குச் சமர்ப்பிக்க மே 31 வரை அவகாசம் உண்டு. அதற்கான சான்றிதழாகிய படிவம் 16A கைக்கு வர ஜூன் நடுப்பகுதி ஆகிவிடும். ஆகவே ஆடிட்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எந்தக் காகிதம் எந்தத் தேதிக்குப் பிறகு கிடைக்கும், அதில் எதற்கு நான் நேரில் இருக்க வேண்டும்?" என்பதுதான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பாரிஸில் வசிக்கும் ஒருவருக்கு லாஸ்பேட்டையில் ஒரு வீடு. மாத வாடகை 25,000 ரூபாய். என்.ஆர்.ஓ. கணக்கிலுள்ள வைப்புத்தொகைக்கு 2025-26 நிதியாண்டில் 1,20,000 ரூபாய் வட்டி வந்தது. வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் வங்கி 31.2 விழுக்காடு, அதாவது 37,440 ரூபாய் பிடித்துக்கொண்டது. வாடகைதாரரும் அதே விகிதத்தில், 3,00,000 ரூபாய்க்கு 93,600 ரூபாய் பிடித்துச் செலுத்தினார்.

இவர் உண்மையில் கட்ட வேண்டிய வரி எவ்வளவு? வாடகையிலிருந்து அந்த ஆண்டில் கட்டிய வீட்டு வரி 6,000 ரூபாயைக் கழித்து, மீதியில் 30 விழுக்காட்டையும் பராமரிப்புக்கான நிலைக்கழிவாகத் தள்ளினால் 2,05,800 ரூபாய். வட்டியைச் சேர்த்தால் மொத்தம் 3,25,800 ரூபாய். புதிய வரி முறையில் 4,00,000 ரூபாய் வரை வரி இல்லை. எனவே பிடிக்கப்பட்ட 1,31,040 ரூபாயும் திரும்பக் கிடைக்க வேண்டிய பணம். ஆனால் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது வரும்.

இதற்கு ஆடிட்டர் கேட்கும் காகிதங்கள் அதிகமில்லை: பான் அட்டை, முத்திரை விழுந்த எல்லாப் பக்கங்களுடனும் கடவுச்சீட்டின் நகல், வாடகை ஒப்பந்தம், உழவர்கரை நகராட்சிக்கு வீட்டு வரி கட்டிய ரசீது, வங்கியின் வட்டிச் சான்று, இரண்டு தரப்பிலிருந்தும் படிவம் 16A. கடவுச்சீட்டைக் கேட்பது, அந்த ஆண்டில் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று எண்ணிப் பார்த்து, வெளிநாட்டில் வசிப்பவர் என்ற நிலையை உறுதி செய்வதற்காக. வீட்டு வரியைப் பொறுத்தவரை, எந்த ஆண்டுக்கு உரியது என்பதைவிட எந்த நிதியாண்டில் பணம் கட்டப்பட்டது என்பதே கணக்கு. ஏப்ரல் 2 அன்று கட்டிய ரசீது முந்தைய ஆண்டுக்கு உதவாது.

பெரும்பாலும் சிக்கல் வருவது வாடகைதாரர் பக்கம்தான். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் வாடகையில் வரி பிடிக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்து பிடித்தவரும், வரி பிடிப்பவருக்கான டான் எண் பெற்று, பிடித்த வரியின் விவரத்தைத் தெரிவிக்கும் படிவம் 27Q தாக்கல் செய்யாவிட்டால், பிடித்த பணம் உங்கள் பெயரில் பதிவாகாது. ஜூன் நடுப்பகுதிக்குப் பின் வருமான வரித் தளத்தில், உங்கள் பெயரில் பதிவான வரிப் பிடித்தங்களைக் காட்டும் படிவம் 26AS-ஐத் திறந்து, வங்கிக்கும் வாடகைதாரருக்கும் தனித்தனியே தொகை நிற்கிறதா என்று ஆடிட்டரோடு பாருங்கள். அங்கு இல்லாத பணத்தைத் திரும்பக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. வாடகைதாரரிடம் முதலில் சரிசெய்யச் சொல்ல வேண்டும்.

"என் பான் செயல்பாட்டில் இருக்கிறதா?" என்பதையும் தவறாமல் கேளுங்கள். வெளிநாட்டில் வசிப்பதைத் துறைக்குத் தெரிவிக்காமலும், ஆதாரை இணைக்காமலும் விட்டவர்களின் பான் செயலிழந்திருக்கக்கூடும். அந்த நிலையில் திரும்பக் கிடைக்க வேண்டிய பணம் வராது. இதைச் சரிசெய்ய நாளாகலாம் என்பதால், மற்றக் காகிதங்களுக்கு முன்பே இதைத் தொடங்குவது நல்லது.

கடைசி நாள் ஜூலை 31. கூட்டம் குறைவாக இருக்கும் ஜூன் இறுதியில் சந்திப்பதே என் பரிந்துரை. 2025 ஆம் ஆண்டில் அரசு செப்டம்பர் 16 வரை நீட்டித்தது உண்மைதான். அடுத்த ஆண்டும் அப்படியே ஆகும் என்று விமானச் சீட்டை எடுக்காதீர்கள். தவறவிட்டால் டிசம்பர் 31 வரை தாமதமாகத் தாக்கல் செய்யலாம்.

தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் கணக்கைச் சரிபார்த்து முடிக்க வேண்டும். ஆதாருடன் இணைந்த இந்தியக் கைபேசி எண் செயலில் இல்லையென்றால் அதற்கான ஓ.டி.பி. வராது. அப்போது சரிபார்ப்புக்கான ஐ.டி.ஆர்.-வி படிவத்தில் கையெழுத்திட்டு, அந்த 30 நாட்களுக்குள் பெங்களூருவிலுள்ள துறையின் மையத்துக்குச் சேரும்படி அஞ்சலில் அனுப்ப வேண்டியிருக்கலாம். ஊரை விட்டுப் புறப்படும் முன்பே அந்தக் கையெழுத்தை முடித்துக்கொள்ள முடியுமா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.