ஜப்பான் கறிக்கட்டி பாக்கெட்டில் பால் இருக்கிறதா?

பால் ஒவ்வாமை உள்ள மகனுக்காக, கறிக்கட்டி எனப்படும் குழம்பில் கரைக்கும் மசாலாக் கட்டியின் ஜப்பானிய லேபிளைப் படம் பிடித்து, முழுதையும் மொழிபெயர்த்துப் பார்த்ததுதான் என் முதல் தவறு. சமைக்கும் முறைக்கும் விளம்பர வரிக்கும் நடுவில் முக்கியமான வரி மறைந்துபோனது. இப்போது ஒவ்வாமையை முதலில் பார்க்கிறேன், மொழிபெயர்ப்பு கடைசியில்தான்.

பாக்கெட்டின் பின்புறம் 原材料名 என்று தொடங்கும் கட்டம்தான் பொருள்பட்டியல். மடிப்பை நீவி, பளபளப்பு விழாமல் அதை மட்டும் நெருக்கமாக எடுக்க வேண்டும். பட்டியலின் முடிவில் பெரும்பாலும் இப்படி வரும்: 一部に小麦・乳成分・大豆を含む. கோதுமை, பால், சோயா உண்டு என்று பொருள். இந்த வரி இல்லாவிட்டால், ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் அடைப்புக்குறிக்குள் தேட வேண்டும்.

என்னைக் குழப்பியது 乳 என்ற எழுத்து. அது பாலைக் குறிக்கும். ஆனால் 乳化剤 என்பது எண்ணெயையும் நீரையும் கலக்கவைக்கும் பொருள், அந்தப் பெயரே பாலைக் குறிக்காது. ஆகவே 乳成分, 乳由来 என்ற சொற்களும், வெண்ணெயைக் குறிக்கும் バター, சீஸைக் குறிக்கும் チーズ போன்ற பால்பொருள் பெயர்களும் இருக்கின்றனவா என்று பார்க்கிறேன்.

பால், முட்டை, கோதுமை, நிலக்கடலை போன்றவற்றைக் கட்டாயம் குறிக்க வேண்டும். எள்ளும் சோயாவும் பரிந்துரைப் பட்டியலில் மட்டுமே. அவை எழுதப்படாததால் இல்லையென்று சொல்ல முடியாது. ஒரே ஆலையில் பால் பொருளும் தயாராகிறது என்ற அறிவிப்பு கட்டத்துக்கு வெளியே இருக்கும், அதுவும் கட்டாயமில்லை. அதற்காக இன்னொரு படம் எடுத்துக்கொள்கிறேன். எழுத்து மங்கலாக விழுந்தால் அந்தப் பாக்கெட்டை வாங்குவதில்லை.