வழிநடத்தல் குழுவுக்கு ஒரு பக்க இடர்ச் சுருக்கம் எழுதுவது எப்படி

வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையம் பத்து வீடுகளுக்கு நிலத்தடி மழைநீர்த் தொட்டி கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டும். திட்டத்தின் பெரிய முடிவுகளை எடுக்கும் வழிநடத்தல் குழு ஆடிக் கடைசியில் கூடுகிறது. வேலையைக் கெடுக்கக்கூடிய இடர்கள் எவை என்பதை அதற்கு ஒரே பக்கத்தில் சொல்ல வேண்டும்.

1. இடரை முழு வாக்கியமாக எழுதுங்கள்

"மழை" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. காரணம், நிகழ்வு, விளைவு மூன்றும் வரட்டும்: "சுண்ணக்கல்லை உடைத்துக் கிடங்கு வெட்ட அதிக நாள் பிடிப்பதால், தொட்டிகள் மழைக்கு முன் முடியாமல் போகலாம், இந்தப் பருவத்து நீர் வீணாகும்." ஏற்கெனவே நடந்துவிட்டதை இங்கே சேர்க்க வேண்டாம். மணல் வந்து சேரவில்லை என்பது பிரச்சினை; அதற்கு வேறு பட்டியல்.

2. புள்ளி இடுங்கள்

நிகழும் வாய்ப்புக்கும் தாக்கத்துக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை. ஒவ்வோர் எண்ணும் எதைக் குறிக்கிறது என்பதை முதலிலேயே எழுதி வையுங்கள். இங்கே தாக்கம் 1 என்றால் சில நாள் தாமதம், 3 என்றால் ஒரு மாதம், 5 என்றால் உயிராபத்து. இதைச் செய்யாவிட்டால் ஒருவருடைய 3 இன்னொருவருக்கு 5 ஆகிவிடும்.

3. வரிசைப்படுத்துங்கள்

இரண்டையும் பெருக்குங்கள். மழைக்கு முன் முடியாமை 4×4, அதாவது 16, அது முதலிடம். சீமெந்து விலையேற்றம் 5×2, மூடாத கிடங்கில் பிள்ளை விழுவது 2×5, இரண்டும் 10. பெருக்கலை மட்டும் நம்பினால் இவை சமம், ஆனால் விலையேற்றத்தைப் பொருளாளர் எப்படியும் சமாளித்துவிடுவார். ஆகவே புள்ளி சமமானால் தாக்கம் கூடியதே மேலே வர வேண்டும். தாக்கம் 5 பெற்ற எதையும், மொத்தப் புள்ளி எவ்வளவு குறைந்தாலும், பக்கத்திலிருந்து நீக்காதீர்கள்.

4. பொறுப்பாளரை எழுதுங்கள்

புதியவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான். "குழு" என்று எழுதினால் யாரும் பொறுப்பில்லை என்று அர்த்தம். ஓர் இடருக்கு ஓர் ஆள். அவரிடம் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரையும் பார்த்து, இதைத் தடுக்க இவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். கிடங்கைப் பலகையால் மூடவைக்க வேலைத்தள மேற்பார்வையாளரால் முடியும். இரண்டாவது மேசன் அணிக்குப் பணம் ஒதுக்க திட்ட இணைப்பாளரால் முடியாது. அதற்குக் குழுவின் அனுமதி வேண்டும். பொறுப்பாளரின் கை எட்டாத இத்தகைய இடர்களைத் தனியே பிரித்துப் பக்கத்தின் மேற்பகுதியில் வையுங்கள். ஒரே பெயர் நான்கைந்து வரிகளில் வந்தால் அதுவும் ஓர் இடர்தான்.

5. பக்கத்தை முடியுங்கள்

ஐந்து இடர்கள் போதும். முதல் வரி இப்படி இருக்கலாம்:

"மழைக்கு முன் முடியாமை. வாய்ப்பு 4, தாக்கம் 4. பொறுப்பு: திட்ட இணைப்பாளர். கேட்பது: இரண்டாவது மேசன் அணிக்கு இன்றே அனுமதி."

அனுமதி கிடைத்தாலும் வாய்ப்பை உடனே 2 ஆக்கிவிடாதீர்கள். அந்த அணி வேலையில் இறங்கிய பின் மாற்றுங்கள்.