நடுவர் நீதிமன்றத்தில் முதல்முறை எதிரியாக நிற்பவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டு நடுவர் நீதிமன்றங்களில் முதல்முறை எதிரியாக, அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக நிற்பவர்கள், நான் வக்கீல் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

சீக்கிரம் முடியட்டும் என்று ஒப்புக்கொள்வது

குற்றப்பத்திரிகை நகல் கொடுத்த பிறகு, நடுவர் குற்றச்சாட்டைப் படித்துச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். 2 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள வழக்கில் குற்றச்சாட்டை எழுத்தில் வரைவார்கள். மற்ற வழக்குகளில் சாராம்சத்தைச் சொல்லிக் கேட்பதோடு சரி.

ஐடிஐ முடித்த ஒரு பையன். சாக்கடைத் தகராறில் பக்கத்து வீட்டுக்காரரை அடித்து மிரட்டியதாக, பாரதிய நியாய சன்ஹிதா 115(2), 351(2) பிரிவுகளில் வழக்கு. "ஆமான்னு சொல்லிடு, அபராதத்தோட முடிஞ்சிடும்" என்று வராந்தாவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நடுவர் கேட்டதும் "ஆமாங்கய்யா, அடிச்சேன்" என்றான். முதலில் கட்டையோடு வந்தது அந்த மனிதர்தான் என்பதைச் சொல்லவே இல்லை. அபராதம் கட்டிவிட்டுப் போனான்.

பிறகு வேலைக்கான விண்ணப்பத்தில் "தண்டனை பெற்றதுண்டா?" என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தான். அபராதம் மட்டும் என்றாலும் அது தண்டனைத் தீர்ப்புதான். ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றால், தண்டனையின் அளவையும் சட்டப்படியான தன்மையையும் பற்றித்தான் மேல்முறையீடு செய்யலாம். குற்றமே செய்யவில்லை என்று வாதாட முடியாது. எனக்கு இன்னும் ஆறாதது இதுதான்: அந்த இரண்டு பிரிவுகளும் சமாதானம் ஆகக்கூடியவை. புகார்தாரர் சம்மதித்திருந்தால் வழக்கு விடுதலையாகவே முடிந்திருக்கும்.

அடித்தது உண்மையாகவே இருக்கலாம். தற்காப்புக்காக அடித்திருந்தால் அது குற்றமில்லை. அதனால் அந்தக் கேள்விக்கு "குற்றம் செய்யவில்லை, விசாரணை வேண்டும்" என்று சொல்லுங்கள். மற்றதை வக்கீலிடம் பேசி முடிவெடுக்கலாம்.

குறுக்கு விசாரணையைத் தள்ளிப் போடுவது

பெரும்பாலும் புகார்தாரர்தான் அ.சா.1, அதாவது அரசு தரப்பின் முதல் சாட்சி. அப்புறம் சம்பவ இடத்தில் போலீஸ் எழுதிய மகஜரில் கையெழுத்துப் போட்ட சாட்சி, டாக்டர், விசாரணை அதிகாரி என்று வருவார்கள். "அடுத்த வாய்தாவில் கேட்கிறோம்" என்று விட்டால், "குறுக்கு விசாரணை இல்லை" என்று பதிவாகிவிடலாம். அப்புறம் சாட்சியைத் திரும்ப அழைக்கத் தனி மனு போட வேண்டும். சாட்சிகள் போலீசிடம் கொடுத்த வாக்குமூல நகலை முந்தின நாளே வக்கீலோடு உட்கார்ந்து படியுங்கள். அதில் "கையால் அடித்தான்" என்றவர் கூண்டில் "கம்பியால்" என்றால், அங்கேயே கேட்டாக வேண்டும்.

வாய்தாவுக்கு வராதது

வர முடியாவிட்டால், அன்றைக்கு நேரில் வர விலக்குக் கேட்டு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 355-வது பிரிவில் வக்கீல் மூலம் மனு போடுங்கள். இல்லையென்றால் பிடிவாரண்ட்தான்.

351 கேள்விக்கு "பொய்" என்று மட்டும் சொல்வது

அரசு தரப்புச் சாட்சிகள் முடிந்ததும், அவர்கள் உங்களுக்கு எதிராகச் சொன்னதைப் பற்றி நடுவர் உங்களையே கேட்பார்; அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 351-வது பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313 கேள்விதான் இது. சத்தியப் பிரமாணம் கிடையாது. உங்கள் தரப்பை எழுதியும் கொடுக்கலாம். உங்கள் சாட்சிகள் இருந்தால் அடுத்து அவர்களை விசாரிப்பார்கள். அதன் பிறகு வாதம், தீர்ப்பு.

தீர்ப்பு நாளில் தனியாக வருவது

ஜாமீன்தாரர்களை அழைத்து வாருங்கள். நீங்கள் ஜாமீனில் இருந்து, தண்டனையும் 3 ஆண்டுக்கு மிகாமல் இருந்தால், மேல்முறையீடு செய்வதற்காக அதே நடுவரே ஜாமீனில் விடலாம். செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் உண்டு.